கணக்கில் இலாபம், ஜூனில் அடகு

"ஜிம்முக்கு இயந்திரங்களைத் தவணையில் வாங்கப் போகிறேன். அங்கத்துவ வருமானம் பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்குகிறது. தேறிய இற்றைப் பெறுமதி பூச்சியத்துக்கு மேல் வந்தால் துணிந்து வாங்கலாமா?"

அது மட்டும் போதாது. வரப்போகும் பணத்தின் இன்றைய மதிப்பிலிருந்து கட்டப்போகும் பணத்தின் இன்றைய மதிப்பைக் கழித்தால் மிஞ்சுவதுதான் தேறிய இற்றைப் பெறுமதி. நீங்களும் வருட வருமானத்தைப் பன்னிரண்டால் வகுத்துத்தான் கணக்குப் போட்டிருப்பீர்கள். வெள்ளவத்தையில் உடற்பயிற்சி நிலையம் தொடங்கியபோது நானும் அப்படித்தான் செய்தேன்.

இயந்திரங்களின் ரொக்க விலை 30 இலட்சம். முற்பணம் 6 இலட்சம் போக, மாதம் 1,25,000 வீதம் 24 தவணைகள். வட்டி 12.5 வீதம் என்றார் விற்றவர். அது கடைசி மாதம் வரை முழுக் கடனுக்கும் போடுகிற வட்டி. குறைந்துகொண்டே போகும் நிலுவைக்குப் பார்த்தால் 22 வீதத்தைத் தாண்டும்.

பிந்திக் கைமாறும் பணத்துக்கு இன்று மதிப்புக் குறைவு என்பதால், தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதத்துக்கும் 1.5 வீதம் கழித்துப் பார்த்தேன். முற்பணமும் தவணைகளும் சேர்ந்து இன்றைய மதிப்பில் 31 இலட்சம். இயந்திரங்களால் கூடுதலாக வருவது, செலவு போக, மாதம் சராசரி 1,75,000. அந்த 24 மாதங்களுக்கும் சேர்த்து அதன் இன்றைய மதிப்பு 35 இலட்சம். நான்கு இலட்சம் மிச்சம் என்று கையெழுத்திட்டேன்.

ஆனால் என்னிடம் ஜனவரி முதல் மார்ச் வரையும் ஜூலை முதல் செப்டெம்பர் வரையும் மாதம் 2,70,000 வரும். மற்ற ஆறு மாதங்களில் 80,000தான். முதல் தவணை விழுந்ததோ சித்திரைப் புத்தாண்டுக்கு ஊர் காலியாகும் ஏப்ரலில். மாதவாரியாகப் போட்டாலும் மிச்சம் 3.6 இலட்சம் வருகிறது. பருவம் அந்தத் தொகையை அவ்வளவாக அசைக்கவில்லை. கையில் மட்டும் மாதம் 45,000 துண்டு விழுந்தது. ஜூன் முடிவில் 1,35,000. மழை பெய்த ஒரு மாலையில் மூன்று வளையல்களைக் கழற்றி அடகுக் கடைத் தராசில் வைத்தேன். அந்த வட்டி என் கணக்கில் எங்கும் இல்லை.

அதற்கு முன் வங்கியில் மேலதிகப் பற்றுக் கேட்டிருந்தேன். வியாபாரப் பதிவு, குத்தகை எல்லாம் என் பெயரில். கணவரை அழைத்துவரச் சொன்னார்கள். அதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

கணக்காளர்கள் கோபிக்க வேண்டாம். தேறிய இற்றைப் பெறுமதி தவறு என்று நான் சொல்லவில்லை. வாங்குவது பெறுமதியா என்று அது சொல்லும். ஜூன் தவணைக்குப் பணம் இருக்குமா என்று சொல்லாது. அதற்கு ஒவ்வொரு மாத முடிவிலும் கையிருப்பு எவ்வளவு என்று தனியாக எழுதிப் பார்க்க வேண்டும்.

நான் கேட்டிருக்க வேண்டியது ஏற்ற இறக்கமான தவணை: மெலிந்த மாதங்களில் 80,000, நல்ல மாதங்களில் 1,75,000. மொத்தத்தில் 60,000 கூடுதல். இன்றைய மதிப்பில் ஏறக்குறைய 29,000தான். துண்டே விழுந்திருக்காது. அடுத்த முறை வாங்கும்போது இப்படியே கேட்டேன். விற்றவர் முதலில் மறுத்தார். இரண்டு வருட அங்கத்துவப் பதிவேட்டை மாதம் மாதமாகப் புரட்டிக் காட்டியதும் ஒப்புக்கொண்டார்.