போட்டோவிலிருந்து உயரம் கணக்கிடுவது: கேள்வி பதில்

20 மீட்டர் தள்ளி நிற்கும் சுவரின் உயரத்தைப் போட்டோவை வைத்தே சொல்ல முடியுமா சார்?

முடியும். சுவரின் உயரத்தைத் தூரத்தால் வகுத்தால் என்ன வருமோ, சென்சாரில் விழுந்த பிம்பத்தின் உயரத்தைக் குவியத் தொலைவால் வகுத்தாலும் அதுவேதான் வரும்.

என் போனில் குவியத் தொலைவு 4.25 மி.மீ., ஒரு பிக்சல் 1.4 மைக்ரான், அதாவது 0.0014 மி.மீ. படத்தில் சுவர் அடியிலிருந்து உச்சிவரை 1500 பிக்சல் என்றால், பிம்பம் 1500 × 0.0014 = 2.1 மி.மீ. அதை 4.25-ஆல் வகுத்தால் 0.494. இருபதால் பெருக்கினால் 9.88 மீட்டர்.

அண்ணா, எனக்குச் சுவர் 1.6 மீட்டர்தான் வருகிறது! குவியத் தொலைவு 26 மி.மீ. என்று போனே காட்டுகிறதே?

அது 35 மி.மீ. ஃபிலிம் கேமராவோடு ஒப்பிட்டுச் சொல்லும் எண். போனுக்குள் 26 மி.மீ.க்கு இடமே கிடையாது. படத்தின் விவரத்தில் `FocalLengthIn35mmFilm` என்பதை விட்டுவிட்டு `FocalLength` என்பதை எடுங்கள்.

என்னுடையது 48 மெகாபிக்சல், பிக்சல் 0.8 மைக்ரான். எதை அளந்தாலும் பாதிதான் வருகிறது. டேப்பில்தான் தப்பு என்று நினைக்கிறேன்.

டேப் மேல் பழி போடாதீர்கள். மிகச் சரியாகப் பாதி வருவதே துப்பு. படத்தின் அகலம் 4000 பிக்சலா என்று பாருங்கள். சென்சாரில் 8000 இருக்கும். போன் நான்கு பிக்சலை ஒன்றாகச் சேர்த்துப் படம் தருகிறது. ஆகவே 1.6 மைக்ரான் போட வேண்டும். செயலி வழியாக அனுப்பிய படமும் சுருங்கியிருக்கும், அதில் அளக்க வேண்டாம். டிஜிட்டல் ஜூமும் கூடாது.

என் மரத்துக்கு இது சரிப்படவில்லை. உச்சி தெரியவில்லை என்று போனை அண்ணாந்து பிடித்துத்தான் எடுத்தேன்.

சாய்த்தால் இந்தக் கணக்கு நிற்காது. போனின் முதுகு மரத்துக்கு இணையாக, நேர் செங்குத்தாக இருக்க வேண்டும். உச்சி தெரியும்வரை பின்னால் போய், தூரத்தைப் புதிதாக அளந்துகொள்ளுங்கள்.

சரி, அந்த 4.25-ஐ அப்படியே நம்பலாமா?

நான் நம்புவதில்லை. லென்ஸின் வளைவைச் சரிசெய்யும்போது மென்பொருள் ஓரங்களை வெட்டி, படத்தை இழுத்துவிடுகிறது. ஒரு ஏ4 தாளைச் சுவரில் ஒட்டி, 1 மீட்டரிலிருந்து எடுத்துப் பாருங்கள். 297 மி.மீ. நீளம் என் போனின் எண்களின்படி சுமார் 902 பிக்சல் வர வேண்டும். 930 வந்தால், 930 × 1000 ÷ 297 = 3131. இனி குவியத் தொலைவும் வேண்டாம், பிக்சல் அளவும் வேண்டாம்: பிக்சல் எண்ணிக்கையை 3131-ஆல் வகுத்துத் தூரத்தால் பெருக்கினால் போதும்.

கிட்டத்தில் எடுத்த எண் தூரத்துக்கும் பொருந்துமா?

1 மீட்டரில் ஃபோகஸுக்காக லென்ஸ் நகர்வது அரை சதவீதத்துக்கும் குறைவான மாற்றம்தான். 30 செ.மீ.யில் அது ஒன்றரை சதவீதம் ஆகிவிடும். அங்கே தூரத்தை லென்ஸிலிருந்து அளப்பதா, போனின் முதுகிலிருந்தா என்பதே விடையை மாற்றும். வீடியோவுக்கு மட்டும் இந்த எண் ஒத்துவராது. ஆட்டம் குறைக்க அது இன்னும் கொஞ்சம் வெட்டும். எவ்வளவு என்பது போனுக்குப் போன் மாறும்.