நேர்காணல் முடிந்த பிறகு எழுதும் அந்த ஒரு மெயில்

"அக்கா, நாங்க காட்பாடி. ஃப்ரீமான்ட் வந்து நாலு மாசம் ஆகுது. பொண்ணுக்கு மூணு வயசு. போன வாரம் ப்ரீஸ்கூல்ல நேர்காணல் முடிஞ்சுது. வெயிட்டிங் லிஸ்ட்ல வைக்கிறோம்னாங்க, அப்புறம் பேச்சே இல்ல. நானே எழுதிக் கேக்கலாமா? கேட்டா தப்பா நினைப்பாங்களா?"

தாராளமாக எழுதுங்கள். தப்பாக நினைக்க மாட்டார்கள். ஆனால் ஒரு முறை, ஐந்தாறு வரியில்.

குடியாத்தத்தில் என் அண்ணன் தன் மகனின் எல்.கே.ஜி. சீட்டுக்காக விடியற்காலை நாலு மணிக்கே அப்ளிகேஷன் வாங்க வரிசையில் நின்றார். அதே பழக்கத்தில் நானும் இங்கே என் மகனுக்காக ஒரே வாரத்தில் மூன்று மெயில் போட்டேன், இரண்டு தடவை போன் செய்தேன். விடாமல் கேட்டால் முன்னால் தள்ளிவிடுவார்கள் என்று நினைத்தேன். ஆனால் இங்கே பல பள்ளிகளில் அந்த வெயிட்டிங் லிஸ்ட் என்பது முதலில் வந்தவருக்கு முதல் இடம் என்ற வரிசையே இல்லை. கலிஃபோர்னியாவில் ப்ரீஸ்கூல் வயதுக்குப் பன்னிரண்டு குழந்தைக்கு ஓர் ஆசிரியர் என்பது விதி. ஒரு வகுப்பில் ஒரு குழந்தை பள்ளியை விட்டு நின்றால்தான் ஓர் இடம். அந்த இடத்துக்கு எந்த வயதுக் குழந்தை, வாரத்தில் எத்தனை நாள் வரும் குழந்தை பொருந்தும் என்று பார்த்துத்தான் கூப்பிடுவார்கள். ஏற்கெனவே அண்ணனோ அக்காவோ படித்தால் அந்தக் குழந்தைக்கு முன்னுரிமை உண்டு.

அதனால் மெயிலில் அவர்களுக்கு உதவும் தகவலைக் கொடுங்கள், உங்களுக்கு உதவும் பதிலைக் கேளுங்கள். ஆங்கிலத்தில்தான் எழுதப் போகிறீர்கள், விஷயம் இவ்வளவுதான்:

"நேரம் ஒதுக்கிப் பேசியதற்கு நன்றி. மகள் அன்று களிமண் மேசையை விட்டு வர மனமில்லாமல் இருந்தாள், வீட்டுக்கு வந்தும் அதையே சொல்கிறாள். பிறந்த தேதி இது. ஐந்து நாள் வேண்டும் என்று சொல்லியிருந்தோம். மூன்று நாள் இடம் வந்தாலும், நடுவில் எந்த மாதம் என்றாலும் சேர்க்கத் தயார். உங்கள் லிஸ்ட் வரிசைப்படியா, இடத்துக்கு ஏற்றபடியா? அடுத்த முடிவு எப்போது? இடம் வந்தால் எத்தனை நாளில் பதில் சொல்ல வேண்டும், முதல் நாளுக்கு முன் என்னென்ன தாள்கள் வேண்டும்?"

மூன்று நாளுக்குச் சம்மதம் என்பதை மனசார முடிந்தால் மட்டும் எழுதுங்கள். முன்பணம் கேட்டால், இடம் கிடைக்காவிட்டால் திரும்பி வருமா என்று கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.

மெயிலில் கடைசியாக உள்ள, என்னென்ன தாள்கள் வேண்டும் என்ற கேள்வியை நான் கேட்கவில்லை. ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை போன் வந்தது: இடம் இருக்கிறது, திங்கட்கிழமை சேர்க்கலாம். ஊரில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த தடுப்பூசி அட்டையை எடுத்துக்கொண்டு ஓடினேன். அலுவலகத்துப் பெண்மணி ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தவர், ஒன்பதாம் மாத ஊசியில் நிறுத்தினார். முதல் பிறந்தநாளுக்கு முன் போட்ட தட்டம்மை ஊசி இங்கே கணக்கில் வராது. பதினாறாம் மாதம் போட்டதும் எம்.ஆர். ஊசி, அதில் பொன்னுக்கு வீங்கிக்கான மருந்து கிடையாது. இங்கே கேட்பது அதுவும் சேர்ந்த எம்.எம்.ஆர். சின்னம்மை ஊசி நம் அரசு அட்டவணையிலேயே இல்லை, இங்கே அது கட்டாயம். சரி என்று மறுநாளே இரண்டையும் போட்டேன். அதற்குப் பிறகுதான் காசநோய்ப் பரிசோதனைத் தாளும் வேண்டும் என்றார்கள். நர்ஸ் கையை விரித்துவிட்டார். இந்த ஊசிகளைப் போட்ட அன்றே பரிசோதனையும் செய்திருக்க வேண்டும், தவறினால் நாலு வாரம் காத்திருக்க வேண்டும். பள்ளி நாலு வாரம் காத்திருக்காது. இடம் வேறு குழந்தைக்குப் போனது. மகன் அடுத்த ஜனவரியில்தான் சேர்ந்தான்.

நம் குழந்தைகளுக்கு இடது தோளில் காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி. போட்ட தழும்பு இருக்கும். அதனால் தோலில் குத்திப் பார்க்கும் சோதனை நோய் இல்லாமலே வீங்கிக் காட்டலாம். உங்கள் மகளுக்கு இரண்டு வயது தாண்டிவிட்டது, ரத்தப் பரிசோதனையாகவே கேளுங்கள்.

மெயில் அனுப்பும் நாளிலேயே அட்டையின் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்துக் குழந்தை டாக்டருக்கு அனுப்பி, விடுபட்ட ஊசியும் ரத்தப் பரிசோதனையும் ஒரே நாளில் வேண்டும் என்று நேரம் வாங்கிவிடுங்கள். தேதி அழிந்து படிக்க முடியாமல் இருந்தால், ஊசி போட்ட இடத்தின் பதிவேட்டிலிருந்து எழுதி முத்திரை வைத்து வாங்கி வர ஊரில் இருக்கும் அம்மாவிடம் சொல்லுங்கள். பள்ளி சொன்ன தேதி தாண்டி ஒரு வாரம் ஆகியும் பதில் வராவிட்டால், அதே மெயிலுக்குக் கீழேயே இரண்டு வரி எழுதுங்கள். அதில் "தாள்கள் எல்லாம் தயார்" என்று இருக்கட்டும்.