ஃப்ரீ கியர் விழல, கியர் தாவுது: கேள்வியும் பதிலும்

செந்தூல்லேர்ந்து டெலிவரி ஓட்டுற தம்பி: அண்ணே, 150 சிசி கிளட்ச் மோட்டர். சிக்னல்ல நின்னா ஃப்ரீ கியர் விழவே மாட்டேங்குது, ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் மாறி மாறி போகுது. இன்ஜின ஆஃப் பண்ணா டக்குனு விழுது. கியர்பாக்ஸ் போச்சா?

தம்பி, நீங்க சொன்ன கடைசி வரியிலயே பாதி பதில் இருக்கு. ஆஃப் பண்ணா டக்குனு விழுதுன்னா கியர்பாக்ஸ்ல கோளாறு இருக்க வாய்ப்பு ரொம்ப கம்மி, கிளட்ச் முழுசா விடல, அவ்ளோதான். கிளட்ச் லிவர புடிச்சாலும் உள்ள பிளேட்டுங்க ஒட்டிக்கிட்டே சுத்துது, அந்த இழுப்புல கியர் பல் இறுகி நிக்குது, நீங்க கால்ல எவ்ளோ மெதுவா தட்டினாலும் நடுவுல நிக்காம அந்தப் பக்கம் தாவிடும்.

மோட்டர நல்லா சூடாக்கி டபுள் ஸ்டாண்ட் போடுங்க, கிளட்ச புடிச்சு ஒண்ணு போட்டு பின் சக்கரத்த பாருங்க. மெதுவா சுத்தினா பயம் இல்ல, எண்ணெய் இழுக்குறது அது, காலைல குளிர்ந்த இன்ஜின்ல எல்லா மோட்டரும் அப்படித்தான். ஆனா த்ராட்டில் கொஞ்சம் கொடுத்ததும் சக்கரமும் கூடவே வேகம் எடுத்துச்சுன்னா கிளட்ச் இழுக்குது.

அடுத்து லிவர் நுனியில எவ்ளோ தூரம் சும்மா ஆடுதுன்னு அளந்து பாருங்க. பெரும்பாலான மோட்டருக்கு 10லேர்ந்து 15 மில்லிமீட்டர், உங்க மாடலுக்கு சரியான அளவு மேனுவல்ல இருக்கும். போன மாசம் இதே மாதிரி ஒரு மோட்டர் பட்டர்வொர்த்ல என்கிட்ட வந்துச்சு, 25 மில்லிமீட்டர் ஆடுது, கைப்புடி பக்கத்து அட்ஜஸ்டர் ஏற்கனவே கடைசி வரைக்கும் திருகியிருக்கு. லிவர கழட்டி கேபிள் தலைய வெளிய இழுத்தா உள் கம்பியில நாலஞ்சு இழை அறுந்து துடைப்பம் மாதிரி விரிஞ்சு நிக்குது. புது கேபிள் போட்டு கீழ் அட்ஜஸ்டர்லேர்ந்து செட் பண்ணதும் பாதி சரியாச்சு. மீதி பாதிக்கு வலது பக்க கவர திறக்க வேண்டியதா போச்சு, அத கீழ சொல்றேன்.

ஈப்போ ரோட் அண்ணாச்சி: இதுக்கு ஏன் இவ்ளோ சுத்தணும், மின்யாக் ஹித்தாம கெட்டியா 20டபிள்யூ-50 போட்டா கியர் வெண்ணெய் மாதிரி விழும், நான் பத்து வருசமா அதான் பண்றேன்.

பாதி ஒத்துக்குறேன் அண்ணாச்சி. பழசாகி தண்ணி மாதிரி ஆன எண்ணெய மாத்தினா கியர் மிதிக்கிறது மென்மையாகும், அது எண்ணெய் புதுசுங்கறதால. ஆனா எண்ணெய்ல நனைஞ்சு சுத்துற ஈர கிளட்ச்ல எண்ணெய் கெட்டியாக கெட்டியாக பிளேட்டுக்கு நடுவுல ஒட்டல் கூடும், அதனால காலைல முதல் கியர் போடும்போது டங்னு அடிக்கும், ஃப்ரீ கியர் இன்னும் கஷ்டமாகும். மேனுவல் சொல்ற கிரேட போடுங்க, டப்பாவுல ஜாசோ எம்.ஏ. இல்லாட்டி எம்.ஏ.2 இருக்கான்னு பாருங்க. எம்.பி. போட்டது ஸ்கூட்டருக்கு, அதுல கிளட்ச் வழுக்கும், வழுக்குறதும் இழுக்குறதும் நேர் எதிர் நோய்.

இன்னொண்ணு, ஒரு லிட்டர் டப்பா வாங்கினோமேன்னு முழுசா ஊத்திடாதீங்க, சில காப்சாய்க்கு ஒரு லிட்டர் போகாது. அளவு மேல போனாலும் கிளட்ச் எண்ணெய்ல முங்கி இழுக்கும்.

செபராங் ஜெயா ஐயா: என்னோட இஎக்ஸ்5ல கிளட்ச் லிவரே இல்லயேப்பா, நான் எதப் புடிச்சு பாக்கறது?

ஐயா, உங்க மோட்டர்ல கியர மிதிக்கிறப்போ அந்த கியர் ஷாஃப்ட்டே கிளட்சையும் தள்ளி விடுது. அதனால அட்ஜஸ்ட் பண்ற இடம் வலது பக்க கவர்ல இருக்கு, நட்டு நடுவுல ஒரு ஸ்க்ரூ தெரியும். இன்ஜின் ஆஃப்ல நட்ட தளர்த்திட்டு ஸ்க்ரூவ கடிகார முள் பக்கமா ஒரு சுத்து திருகுங்க, அப்புறம் எதிர்ப்பக்கமா மெதுவா திருப்புங்க, லேசா தடுக்குற இடம் வரும், அங்கேர்ந்து மறுபடி முள் பக்கமா எட்டுல ஒரு பங்கு சுத்து, ஸ்க்ரூ நகராம புடிச்சுக்கிட்டு நட்ட இறுக்குங்க. அதுக்கும் மேல தள்ளுனா கிளட்ச் இழுக்கும், மறுபக்கம் போனா வழுக்கும்.

கிள்ளான்லேர்ந்து புதுசா ஓட்டுற தங்கச்சி: அண்ணா நீங்க சொன்ன மாதிரி இன்ஜின ஆஃப் பண்ணி பாத்தேன், ரெண்டுக்கு மேல கியர் ஏறவே இல்ல, என்னுதும் கெட்டுப் போச்சா?

இல்லம்மா, கெடல. ஆஃப்ல நிக்கிறப்போ கியர் பல்லுங்க ஒண்ணுக்கொண்ணு எதிர்ல நின்னா உள்ள போகாது. மோட்டர முன்னயும் பின்னயும் லேசா உருட்டிக்கிட்டே மிதிங்க, ஏறும். நான் சொன்ன சோதனை ஃப்ரீ கியருக்கு மட்டும்தான்.

ஜார்ஜ்டவுன்லேர்ந்து ஒரு அக்கா: மழையில வழுக்கி இடது பக்கம் விழுந்தேன், அதுலேர்ந்து ரெண்டுலேர்ந்து மூணு போடும்போது பொய் ஃப்ரீ மாதிரி நடுவுல நிக்குது, சில சமயம் கியர் லிவர் மேல திரும்பி வர்றதே இல்ல.

அக்கா, உங்களுக்கு கிளட்ச விட்டுட்டு கியர் ஷாஃப்ட்ட பாக்கணும். முதல்ல வெளிய: லிவர் வளைஞ்சு கவர்லயோ ஃபுட்ரெஸ்ட்லயோ முட்டுதான்னு பாருங்க, முட்டினா மிதி முழுசா போகாது, பாதியில நிக்கும். அப்புறம் வெள்ளை மார்க்கர்ல லிவர் மேலயும் ஷாஃப்ட் முனை மேலயும் சேர்த்து ஒரே கோடா போடுங்க. ரெண்டு நாள் ஓட்டிட்டு பாத்தா கோடு ஒடஞ்சு விலகியிருந்தா பல் தேஞ்சு லிவர் சுழலுது. போல்ட்ட இறுக்கியும் விலகினா முதல்ல லிவர மாத்துங்க, அதோட பல்லுதான் முன்னாடி போகும், மலிவும் கூட. சில கடையில ஷாஃப்ட்டோட வெல்ட் வச்சுடுறேன்னு சொல்வாங்க, விடாதீங்க, பின்னாடியே எண்ணெய் சீல் இருக்கு, சூட்டுல வெந்து ஒழுக ஆரம்பிக்கும், நாளைக்கு ஷாஃப்ட்ட வெளிய எடுக்கவும் முடியாது.

லிவர் திரும்பி வரலன்னு சொன்னது உள்ள இருக்கிற ரிட்டர்ன் ஸ்ப்ரிங், இல்லாட்டி அது தாங்கி நிக்கிற பின், இல்லாட்டி வளைஞ்ச ஷாஃப்ட் சீல் ஓட்டையில இறுகுறது. நிறைய மோட்டர்ல வலது கவரும் கிளட்ச்சும் கழட்டினா இதெல்லாம் கைக்கு வந்துடும், இன்ஜின ரெண்டா பிரிக்க வேண்டாம். கழட்டின கையோட ஸ்டாப்பர் ஆர்ம் உருளையும் பாக்க சொல்லுங்க. கியர் டிரம் பள்ளத்துல உக்காந்து ஒவ்வொரு கியரையும் புடிச்சு வைக்கிறது அதுதான், அதோட ஸ்ப்ரிங் தளர்ந்தாலும் பொய் ஃப்ரீ வரும்.

ஆயர் ஈத்தாம் தம்பி: எனக்கு பாயா தெருபோங் மேட்டுல ரெண்டாவது கியர் தானா கழண்டுக்குது, த்ராட்டில் விட்டா வராது, முறுக்கினா மட்டும். இதுவும் ஸ்ப்ரிங்கா?

முறுக்கும்போது மட்டும்னா எனக்கு கியருங்க ஒண்ணோட ஒண்ணு மாட்டிக்கிற டாக் முனை உருண்டுப் போச்சோன்னுதான் தோணுது, இல்ல கியர தள்ளுற உள் ஃபோர்க் வளைஞ்சிருக்கும். ஸ்டாப்பர் ஆர்ம்தானான்னு கவர திறந்து பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க, ஏன்னா டாக்னா இன்ஜின பிரிக்கணும், செலவு அதிகம். பாக்காம என்னால உறுதியா சொல்ல முடியாது. அதுவரைக்கும் அந்த மேட்ட ஒண்ணுல ஏறுங்க, ரெண்டுல கழல கழல டாக் இன்னும் உருளும்.

செந்தூல் தம்பி மறுபடி: அண்ணே அந்த பட்டர்வொர்த் மோட்டர்ல கவர் திறந்து என்ன பாத்தீங்க?

பிளேட்டுங்கள சுத்தி தாங்குற கிளட்ச் பாஸ்கெட் விரல்ல பிளேட் காது இடிச்சு இடிச்சு படிக்கட்டு மாதிரி பள்ளம், நகத்த வச்சு இழுத்தா டக்டக்னு மாட்டுது, அரை மில்லிமீட்டர் இருக்கும். பிளேட்டும் அதே மாதிரி மாட்டித்தான் பிரியாம நின்னுருக்கு. ஸ்டீல் பிளேட்ட கண்ணாடி மேல வச்சு ஃபீலர் கேஜ் விட்டு பாத்தேன், வளைவு இல்ல. பாஸ்கெட்ட நைஸ் அரத்துல எல்லா விரலையும் ஒரே அளவுக்கு சமமா தேச்சு, தூள் ஒண்ணுகூட இல்லாம கழுவி, புது பிளேட்ட என்ஜின் எண்ணெய்ல ஊற வச்சு போட்டேன். உலர்ந்த பிளேட்ட அப்படியே போட்டா முதல் நாளே ஒட்டி இழுக்கும். இப்ப ஃப்ரீ கியர் ஒரு விரல் தட்டுல விழுது.

ராவாங்ல கடை வச்சிருக்கிற அண்ணன்: அரத்துல தேச்சா இடைவெளி கூடி சத்தம் வரும், பள்ளமும் சீக்கிரம் திரும்ப விழும். நான் எப்பவும் பாஸ்கெட்டையே மாத்திடுவேன்.

பள்ளம் ஆழமா இருந்தா நானும் மாத்துவேன் அண்ணே. இது மேலோட்டமா இருந்துச்சு, அந்தப் பையனுக்கும் அந்த மாசம் கையில காசு இல்ல. அடுத்த எண்ணெய் மாத்துறப்போ கவர திறந்து பாக்கறேன்னு சொல்லியிருக்கேன், பள்ளம் திரும்ப விழுந்திருந்தா இங்கயே எழுதுறேன்.