தனியாக வாழ்பவரும் தத்தெடுப்பும்: ஒரு வழக்கறிஞரின் பதில்கள்

எனக்கு வயது 36, திருமணம் ஆகவில்லை. கைக்குழந்தையைத் தத்தெடுக்கக் கோர்ட் அனுமதிக்குமா?

அனுமதி உண்டு. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் தனியாக இருப்பவரையும் விவாகரத்து ஆனவரையும் ஏற்கிறது. பெண்ணாக இருந்தால் ஆண் குழந்தை, பெண் குழந்தை இரண்டில் எதையும் எடுக்கலாம். இரண்டு வயது வரையுள்ள குழந்தைக்கு உங்கள் வயது 40க்குள் இருக்க வேண்டும். நான்கு வயது வரையென்றால் 45, எட்டு வயது வரையென்றால் 50, அதற்கு மேல் 55. குழந்தைக்கும் உங்களுக்கும் குறைந்தது 25 வயது இடைவெளியும் தேவை. காத்திருப்போர் வரிசை நீளமானது. அதனால் பதிவை அடுத்த ஆண்டுக்குத் தள்ளாதீர்கள்.

இன்னொன்று. 2022 செப்டம்பர் முதல் தத்தெடுப்பு உத்தரவை வழங்குபவர் நீதிபதி அல்ல, மாவட்ட ஆட்சியர். "கோர்ட்டில் போட்டுவிடலாம்" என்று யாராவது வக்காலத்து நீட்டினால், எந்தச் சட்டத்தின் கீழ் என்று முதலில் கேளுங்கள்.

ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் ஒருவர், வேண்டாமென்று விட்டுப்போகும் குழந்தை இருப்பதாகச் சொல்கிறார். பத்திரம் எழுதிக்கொண்டால் போதுமா?

போதாது. பணம் கை மாறினால் அது குழந்தை விற்பனை, வாங்கியவருக்கும் ஐந்தாண்டு வரை சிறை. மாறாவிட்டாலும் முறை மீறிய தத்தெடுப்பு குற்றம்தான். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிடம் சொல்லுங்கள்.

நான் கிறிஸ்தவப் பெண், 43 வயது, அரசுப் பள்ளி ஆசிரியை. அண்ணனின் ஆறு வயது மகளைத் தத்தெடுக்க விண்ணப்பித்தேன். விசாரிக்க வந்தவர், "நீங்கள் வேலைக்குப் போனால் பிள்ளையை யார் பார்ப்பார்கள்? பெற்ற தாயே இருக்கும்போது தனியாள் எதற்கு?" என்றார். நிராகரித்துவிடுவார்களா?

இந்தக் கேள்விக்காகத்தான் இன்று உட்கார்ந்தேன்.

நீங்கள் கிறிஸ்தவர் என்பதால் 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது. சிறார் நீதிச் சட்டத்தின் உறவினர் தத்தெடுப்புதான் வழி. அதில் அத்தைக்கு இடம் உண்டு. மேலே சொன்ன வயது வரம்பும் உறவினருக்குப் பொருந்தாது. ஆக, தகுதியில் சிக்கல் இல்லை. சிக்கல் வந்தவரின் எண்ணத்தில் இருக்கிறது.

இதே எண்ணம் மகாராஷ்டிரத்தின் புசாவலில் ஒரு நீதிமன்றத்துக்கும் இருந்தது. விவாகரத்தான, வேலைக்குப் போகும் ஒரு பெண் சகோதரியின் குழந்தையைத் தத்தெடுக்கக் கேட்டார். வேலைக்குப் போகிறவரால் குழந்தையைக் கவனிக்க முடியாது, பெற்றவர்களே பொருத்தமானவர்கள் என்று மனு தள்ளுபடியானது. 2023 ஏப்ரலில் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து தத்தெடுப்பை அனுமதித்தது. தனியாக வாழும் பெற்றோர் வேலைக்குப் போகிறவராகத்தான் இருப்பார், அதையே குறையாகச் சொன்னால் சட்டம் தந்த உரிமைக்கு என்ன பொருள் என்பதே அதன் சாரம். சாதகமான விசாரணை அறிக்கைகள் இருந்தும் கீழ் நீதிமன்றம் ஊகத்தின் மேல் தீர்ப்பளித்ததையும் அது ஏற்கவில்லை. தமிழ்நாட்டு ஆட்சியரை அந்தத் தீர்ப்பு நேராகக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் நகலை மனுவோடு வையுங்கள், படிப்பார்கள்.

அதே நேரம், அவர் கேட்ட கேள்வியின் முதல் பாதி நியாயமானது. "பார்த்துக்கொள்வேன்" என்ற பதில் எடுபடாது. பள்ளி மூன்றரைக்கு விட்டால் ஐந்து மணி வரை பிள்ளை எங்கே, யாரோடு என்று எழுதிக் கொடுங்கள். உங்களுக்கு ஏதாவது நேர்ந்தால் பிள்ளையை ஏற்க ஓர் உறவினரின் ஒப்புதலும் கேட்பார்கள். என்னிடம் வந்த ஒரு பெண் தன் 74 வயது அம்மாவிடம் கையெழுத்து வாங்கி வந்தார். விசாரணை அதிகாரி காகிதத்தைப் பார்த்தார், சுவரோரம் ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்த பாட்டியைப் பார்த்தார், எதுவும் எழுதாமல் மூடிவைத்தார். 35 வயது சித்தி மகள் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அறிக்கை நகர்ந்தது.

இரண்டாம் பாதிக்குப் பதில் உங்கள் அண்ணனும் அண்ணியும்தான் சொல்ல வேண்டும். ஏன் கொடுக்கிறார்கள் என்பதை இருவரும் தனித்தனியாக, தங்கள் வார்த்தையில் சொல்லட்டும். அண்ணி முகத்தில் தயக்கம் தெரிந்தால் எந்தத் தீர்ப்பும் உதவாது. உதவவும் கூடாது.

நான் 34 வயது ஆண், திருமணம் வேண்டாமென்று முடிவெடுத்தவன். பெண் குழந்தைதான் விருப்பம்.

முடியாது. அதே சட்டத்தின் 57ஆம் பிரிவில் நேரடித் தடை இருக்கிறது. ஆண் குழந்தைக்கு விண்ணப்பிக்கலாம்.

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், தவறாகச் சொல்கிறீர்கள். மனைவியை இழந்த என் பெரியப்பா தங்கை மகளைத் தத்தெடுத்தார், பத்திரம் ரெஜிஸ்டர் ஆகியிருக்கிறது. 21 வயது வித்தியாசம் இருந்தால் போதும் ஐயா.

ஐயா இல்லை, அம்மா. நீங்கள் சொல்வது இந்து தத்தெடுப்புச் சட்டம். அதன்படி உங்கள் பெரியப்பா செய்தது சரி. அவருக்கு மகளோ மகன்வழிப் பேத்தியோ இருந்திருக்கக் கூடாது, பெற்றவர்கள் குழந்தையைக் கையில் கொடுத்திருக்க வேண்டும். 34 வயதுக்காரர் காப்பகக் குழந்தையைக் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அதற்கு அந்தப் பத்திரம் வழியில்லை.

அப்படியென்றால் ஒரு சட்டத்தில் நம்பிக்கைக்குரிய ஆண், இன்னொன்றில் சந்தேகத்துக்குரியவனா? (34 வயதுக்காரர்)

சந்தேகம் இருக்கத்தான் வேண்டும். நான் காப்பகத்தில் வேலை பார்த்தவள். (ஒரு வாசகி)

இருவரும் சற்றுப் பொறுங்கள். வாசகியின் பயத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் இந்தத் தடை யார் மேல் விழுகிறது என்று பாருங்கள். பெற்றோரை விபத்தில் இழந்த ஒரு சிறுமி. திருமணமாகாத முஸ்லிம் தாய்மாமன்தான் வளர்க்கிறார். அவருக்கு இந்துச் சட்டம் இல்லை, சிறார் நீதிச் சட்டமோ தடுக்கிறது. 1890ஆம் ஆண்டின் சட்டப்படி காப்பாளர் ஆகலாம், தந்தை ஆக முடியாது. உறவினருக்காவது விலக்கு வேண்டும் என்பது என் கட்சி.

விலக்கு கொடுத்தால் மாமன் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களை எப்படித் தடுப்பீர்கள்? (அதே வாசகி)

விசாரணை அறிக்கையால் என்பேன். அந்த அறிக்கைகள் எந்த லட்சணத்தில் எழுதப்படுகின்றன என்று நீங்கள் திருப்பிக் கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

எனக்கு 41 வயது, தனியாக இருக்கிறேன். கைக்குழந்தை கிடைக்குமா?

முதல் பதில்.

நான் தத்துப்பிள்ளை. அண்ணன் சொத்தில் பங்கில்லை என்கிறார்.

இது பாகப்பிரிவினை, இன்றைய பேச்சு அல்ல. தத்துப்பத்திரத்தோடு ஒரு சிவில் வழக்கறிஞரைப் பாருங்கள்.

கணவரைப் பிரிந்து எட்டு வருடம், விவாகரத்து வாங்கவில்லை. நானும் தனிப் பெண்தானே?

வாழ்க்கையில் ஆம், காகிதத்தில் இல்லை. இந்துச் சட்டத்தில் கணவர் சம்மதம் கேட்கப்படும். விவாகரத்துத் தீர்ப்பு கையில் வந்த பிறகு வாருங்கள்.

தெரிந்த நர்ஸ் ஒருவர் மூலமாக…

வேண்டாம். இரண்டாவது பதிலைப் படியுங்கள். மூன்றாவது ஆள் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.

43 வயது ஆசிரியைதான் மறுபடி. பிள்ளையிடமும் கேட்பார்களாமே, என்ன சொல்லித்தர வேண்டும்?

எதுவும் சொல்லித்தராதீர்கள். ஐந்து வயது முடிந்திருந்தால் குழந்தையின் சம்மதமும் வேண்டும். ஒரு வீட்டில் "எனக்குச் சம்மதம்" என்று ஒரு சிறுவனுக்குப் பழக்கி வைத்திருந்தார்கள். சமூகப் பணியாளர் வந்ததும் கேள்விக்கு முன்பே ஒப்பித்துவிட்டான். "எதற்குச் சம்மதம் கண்ணா?" என்றார் அவர். அவன் பெரியம்மாவின் முகத்தைத் திரும்பிப் பார்த்தான். இரண்டு மாதம் கழித்து வருவதாகச் சொல்லிவிட்டு அவர் எழுந்துவிட்டார்.