குளிரிலும் ஊறிப்போகும் உள்ளங்கால்

கேள்வி: கோத்தகிரி குளிரிலும் உள்ளங்கையும் உள்ளங்காலும் வியர்க்கிறது. பாதத் தோல் வெள்ளையாகிக் குழி குழியாகிவிட்டது, நாற்றம் வேறு. என்ன செய்யலாம்?

கையிலும் காலிலும் வியர்வையைச் சுரக்க வைப்பது பெரும்பாலும் பதற்றமும் நரம்புத் தூண்டலும்தான், வெயில் அல்ல. அதனால் மலைக்குளிர் காப்பாற்றாது. தூங்கும்போது மட்டும் காய்ந்திருக்கும்.

குதிகாலையும் விரல்களுக்குக் கீழுள்ள மேட்டையும் பாருங்கள். ஊறி வெளுத்த தோலில் ஊசியால் குத்தியது போன்ற குழிகள் சேர்ந்து பள்ளமாகியிருந்தால், அது ஈரத்தில் பெருகும் பாக்டீரியாவின் வேலை. படர்தாமரைக் களிம்பு போட்டுப் பலர் மாதக்கணக்கில் வீணாக்குவது இங்கேதான். பூஞ்சை என்றால் பெரும்பாலும் விரலிடுக்கில் அரிப்பும் செதிலும் இருக்கும். குழிகளுக்குத் தோல் மருத்துவர் கிளிண்டமைசின் போன்ற பூச்சுமருந்து தருவார்; சில வாரங்களில் ஆறிவிடும்.

ஆனால் வியர்வை குறையாவிட்டால் திரும்பி வரும். அதற்கு 20% அலுமினியம் குளோரைடு கரைசல் உண்டு. படுக்கும் முன் நன்றாகத் துடைத்து, முழுக்கக் காய்ந்த தோலில் பூசி, காலையில் கழுவுங்கள். ஈரத்தில் பூசினால் எரியும், வெடிப்பிலும் பூசக் கூடாது. வியர்வை குறைந்ததும் வாரம் ஓரிரு முறை போதும்.

அப்புறம், தோட்ட வேலைக்கான ரப்பர் பூட்ஸ். மூடுபனிக் காலத்தில் ஒரே இரவில் அது காயாது. இரண்டு ஜோடி வைத்து மாற்றிப் போடுங்கள், மதியம் காலுறையையும் மாற்றுங்கள்.

இதற்கும் அடங்காவிட்டால், தண்ணீர்த் தட்டில் கைகால் வைத்து மெல்லிய மின்னோட்டம் செலுத்தும் அயன்டோபோரெசிஸ் சிகிச்சை இருக்கிறது. பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அது ஆகாது.