"இன்னொண்ணு டாக்டர்…"

கேள்வி: சிறு நகரத்தில் கிளினிக் வைத்திருக்கிறேன். கூட்டம் அதிகம். நோயாளி உட்கார்ந்து இரண்டு வார்த்தை சொன்னதுமே எனக்கு விஷயம் புரிந்துவிடும், உடனே மருந்து எழுதிவிடுவேன். அப்படியும் பலர் கதவு வரை போய்த் திரும்பி, "இன்னொண்ணு டாக்டர்" என்கிறார்கள். முதலிலேயே சொன்னால் என்ன?
— பெயர் வெளியிட விரும்பாத மருத்துவர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: முதலிலேயே சொல்லத்தான் வந்தார்கள் டாக்டர். நீங்கள்தான் இடம் விடவில்லை.

உங்களை மட்டும் குறை சொல்லவில்லை. 1984-இல் அமெரிக்காவில் பெக்மன், ஃபிராங்கல் என்ற இரு ஆய்வாளர்கள், நோயாளிகள் மருத்துவரிடம் பேசிய 74 சந்திப்புகளைப் பதிவு செய்து கேட்டார்கள். வந்த காரணத்தை முழுதாகச் சொல்லி முடிக்க வாய்ப்புக் கிடைத்தவர்கள் 17 பேர்தான். 51 பேரை மருத்துவர் நடுவில் மறித்தார், அதுவும் சராசரியாக 18 நொடியில். மறித்தவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. முதல் தொந்தரவு காதில் விழுந்ததுமே அதைத் தீர்த்துவிடும் ஆர்வத்தில், "எத்தனை நாளா? காய்ச்சல் இருக்கா?" என்று ஆரம்பித்துவிட்டார்கள். அந்த 51 பேரில் விட்ட இடத்துக்குத் திரும்பிச் சொல்லி முடித்தவர் ஒரே ஒருவர். டாக்டரே கேள்வி கேட்க ஆரம்பித்த பிறகு, வேண்டியதை அவரே கேட்டுக்கொள்வார் என்று நோயாளி வாயை மூடிக்கொள்கிறார்.

நோயாளி முதலில் சொல்வதுதான் முக்கியமான தொந்தரவு என்று நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள். சிக்கலே அங்கேதான். சொல்லக் கூச்சமில்லாதது முதலில் வரும். பயமும் வெட்கமும் உள்ளது பின்னால் வரும்.

ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மா வருகிறார் என்று வையுங்கள். "ஒரு வாரமா வயிறு எரியுது டாக்டர்." உங்கள் கை பேனாவுக்குப் போய்விடும். "காரமா சாப்பிட்டீங்களா? நேரத்துக்குச் சாப்பிடுறதில்லையா?" அவரும் ஆமாம் என்பார், யார்தான் சாப்பிடவில்லை? வெறும் வயிற்றில் போட ஒரு பான்டோபிரசோல் எழுதி அனுப்பிவிடுவீர்கள்.

அதே அம்மாவிடம் "ம், சொல்லுங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருந்தால் என்ன வரும்? "முட்டி வலின்னு மெடிக்கல்ல சொல்லி மாத்திரை வாங்கி ரெண்டு மாசமா போடுறேன். அப்புறந்தான் இந்த எரிச்சல்." கொஞ்சம் நிறுத்துவார். கூட வந்த மகனைப் பார்ப்பார். குரலைத் தாழ்த்தி, "ரெண்டு நாளா வெளிக்கி கறுப்பா, தார் மாதிரி போகுது. படியேறினா தலை சுத்துது."

இதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வலி மாத்திரையால் வயிற்றில் புண்ணாகி ரத்தம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். அந்த மாத்திரையை நிறுத்தி, நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் பார்த்து, ஹீமோகுளோபின் எடுத்து, எண்டோஸ்கோப்பி வசதியுள்ள மருத்துவமனைக்கு அன்றே அனுப்ப வேண்டும். நீங்கள் எழுதிக் கொடுத்த மாத்திரை எரிச்சலைக் கொஞ்சம் தணித்திருக்கும். எரிச்சல் தணிந்ததால் அவர் இன்னும் சில நாள் வீட்டிலேயே இருந்திருப்பார். கதவருகே திரும்பியவராவது பிழைத்தார். திரும்பாமலே போனவர்களை நினைத்துத்தான் எனக்குக் கவலை.

கூட்டம் அதிகம் என்கிறீர்கள். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஒரு புறநோயாளிப் பிரிவில் இதையும் அளந்து பார்த்தார்கள். 2002-இல் அது வெளியானது. குறுக்கிடாமல் விட்டால் நோயாளி எவ்வளவு நேரம் பேசுவார்? சராசரி 92 நொடி. 335 பேரில் பெரும்பாலோர் இரண்டு நிமிடத்துக்குள் தாங்களாகவே முடித்துவிட்டார்கள். கதவிலிருந்து திரும்பியவரை மறுபடி உட்கார வைத்து, சீட்டை அடித்து எழுதும் நேரத்தை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அதனால் நாளை காலையிலிருந்து பேனாவை மூடி வைத்துவிட்டு "சொல்லுங்க" என்று கேளுங்கள். அவர் நிறுத்தினால் உடனே கேள்விக்குப் போகாமல், "சரி, அப்புறம்?" என்று ஒருமுறை கேளுங்கள். அந்த இடைவெளியில்தான் இரண்டாவது விஷயம் வெளியே வரும். கூட வந்தவர் பதில் சொன்னால் அவரைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லுங்கள். எத்தனை நாள், காய்ச்சல் உண்டா என்ற உங்கள் கேள்விகள் எல்லாமே தேவைதான், ஆனால் அதற்குப் பிறகு. இன்னொன்று, "வேற ஒண்ணும் இல்லையே?" என்று கேட்காதீர்கள். அதற்கு "இல்லை" என்ற பதில்தான் வரும்.

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வியர்த்துக் கொட்டி வருபவருக்கோ, மூச்சு வாங்கி ஒரு வாக்கியம் முடிக்க முடியாதவருக்கோ இதெல்லாம் பொருந்தாது. அங்கே முதலில் இசிஜி, ஆக்சிஜன், ஆம்புலன்ஸ். நீங்கள் எழுதியிருப்பது டோக்கன் வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரம் பெஞ்சில் காத்திருந்தவர்களைப் பற்றி. என்ன சொல்ல வேண்டும் என்று அவ்வளவு நேரமும் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் அவர்கள் உள்ளே வருகிறார்கள்.