மூன்று ஐஸ் பில்லுக்கு வட்டி எந்த நாளிலிருந்து?

“மண்டபத்தில் மீன் வியாபாரம். ஐஸ் பாக்கி: ஜூன் 4-க்கு 10,000, ஜூன் 19-க்கு 20,000, ஜூலை 4-க்கு 30,000. ஆகஸ்ட் 23-ல் மொத்தமாகக் கட்டினால் 12% வட்டி எந்த நாளிலிருந்து? எனக்கு ஜூன் 19 வருகிறது.”

ஜூன் 24-லிருந்து. 60 நாள், வட்டி சுமார் ரூ.1,184.

நீங்கள் நாட்களை மட்டும் சராசரி எடுத்திருப்பீர்கள். பெரிய பில் கடைசியில் இருப்பதால் அது உங்களுக்குத்தான் நஷ்டம். ஜூன் 4-ஐ அடிப்படை நாளாக வைத்து, ஒவ்வொரு தொகையையும் அதன் நாட்களால் பெருக்குங்கள்: 0, 3,00,000, 9,00,000. கூட்டி மொத்த பாக்கி 60,000-ஆல் வகுத்தால் 20 நாள். ஜூன் 4-லிருந்து 20 நாள் தள்ளினால் ஜூன் 24.

சரிபார்க்க, 80, 65, 50 நாளுக்குத் தனித்தனியாக வட்டி போடுங்கள். அதே தொகை வரவேண்டும்.

நடுவில் பணம் கொடுத்திருந்தால், அந்தத் தொகைக்குக் கொடுத்த நாளிலிருந்து ஆகஸ்ட் 23 வரை வட்டி கணக்கிட்டுக் கழிக்க வேண்டும்.